நூல் எட்டாத நாட்கள்

நூல் விரலில் தட்டவில்லை.

நெட்டை குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து இன்னொரு முறை தேடிப் பார்த்தாள். கர்ப்பப்பையின் வாய் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. மூக்கு நுனியைத் தொடுகிற மாதிரி வழுவழுப்பாக, கொஞ்சம் விறைப்பாக. அதற்குக் கீழே நைலான் நரம்பு போல இரண்டு முனை தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வாளியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்துக்கொண்டு போனது. யாருடைய காலோ நனைகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மாதவிலக்கு ஒன்பது நாள் தள்ளிப் போயிருந்தது.

கர்ப்பம் தரிக்காமலிருக்க, அந்த நூல் தொங்குகிற காப்பர் டி வைத்து நாலு வருஷம் ஆகிறது. அவள் பேர் வேறு. ஆனால் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவான பொம்பளையை யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? புருஷன் உட்பட ஊர் மொத்தத்துக்கும் அவள் நெட்டைதான். அந்த நெட்டை உடம்பிலிருந்து சின்ன மகள் பிறந்தபோது ரத்தம் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. நாலு பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தபோது டாக்டரம்மா கட்டிலோரம் நின்று பூசி மெழுகாமல் சொன்னார்: "ரெண்டோட நிறுத்திக்கோ. இன்னொண்ணு வந்தா உன்னைக் காப்பாத்திடுவேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு உடம்பு தேறட்டும், அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்று ஆறு வாரம் கழித்துச் சுகாதார நிலையத்தில் காப்பர் டி வைத்துவிட்டார்கள். உடம்பு தேறியது. இதுவும் தொந்தரவில்லாமல் இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு வருஷம் மாதாமாதம் தீட்டு நின்றதும் நூலைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு மறந்துபோனாள். வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று தினமும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர்கள் எத்தனை நாளைக்கு இழுத்துப் பார்ப்பார்கள்? இன்றைக்கு நாள் தள்ளிப் போன பயத்தில்தான் ஞாபகம் வந்தது.

வேலைக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

அது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவை ஆலை. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தமும் மருந்தும் சீழுமாக மூட்டை வந்து இறங்கும். சுவருக்குள்ளேயே பதித்த பெரிய மெஷின்களில் அந்தப் பக்கம் போட்டால் இந்தப் பக்கம் வெள்ளையாக வெளியே வரும். நெட்டைக்கு இந்தப் பக்கத்து வேலை. நீராவியில் கொதிக்கிற பெரிய உருளைக்குள் ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் நுழைப்பார்கள். மறுமுனையில் காய்ந்து, சுட்டு, விறைத்து வருவதை இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். மடிக்கிற இடம் நெட்டையுடையது. நீளமான கை அதற்கு வாகு.

அந்த வேலையில் ஒரு மயக்கம் உண்டு. கூரை வரைக்கும் ஆவி. எதிரில் நிற்பவளின் முகம் வெள்ளையில் கரைந்து கரைந்து வரும். விரிப்பு வந்துகொண்டே இருக்கும், வாய்க்கால் தண்ணீர் போல. முனையைப் பிடி, முன்னே நட, சேர், பின்னே வா, தட்டு. மணி ஒன்பதானால் கை தானாக வேலை செய்யும், ஆள் வேறெங்காவது போயிருப்பாள். கண் திறந்தபடி தூங்குகிறவர்கள் அங்கே பாதிப் பேர். நெட்டை அன்றைக்குத் தனக்குள்ளேயே போனாள். உள்ளே ஒரு நீளமான நடை. விளக்கில்லை. முன்னால் ஒரு நூல் முனை தரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. இவள் எட்டிப் பிடிக்கப் பிடிக்க அது ஒரு விரற்கடை தள்ளிப் போகிறது. யார் இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"அடியே! விரிப்பு தரையில போகுது. எங்கடி இருக்க?"

கத்தியது வெண்கலம். எதிர்முனையில் நிற்பவள். மெஷின் சத்தத்துக்கு மேல் போகிற தொண்டை அந்த ஆலையிலேயே அவளுக்கு மட்டும்தான். ரகசியம் சொன்னால்கூட வாசல் காவலாளி திரும்பிப் பார்ப்பான். அதனால் நெட்டை சாப்பாட்டு இடைவேளை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மூட்டை அடுக்கிய மூலைக்கு அவளைக் கூட்டிப் போய், காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள்.

"நூலு காணோமா!" என்றாள் வெண்கலம்.

எதிர் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். அதோடு ரகசியம் முடிந்தது.

"மேல ஏறியிருக்கும்" என்றாள் ஒருத்தி, ரொட்டியை மென்றபடி. "எங்க சித்தி பக்கத்து வீட்டுக்காரிக்கு நெஞ்சுக்கு ஏறிடுச்சாம். படம் புடிச்சுப் பாத்தா இதயத்துக்குப் பக்கத்துல நிக்குதாம்."

"அதுக்கு என்ன ரயில் பாதையா போட்டிருக்கு, நெஞ்சு வரைக்கும் போக?"

"மூட்டை தூக்கினா நழுவும்டி. நான் சொல்றேன், நழுவித்தான் விழுந்திருக்கும்."

வெண்கலம் எதையோ யோசித்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். ஜன்னல் கட்டையில் ஒரு தகர டப்பா இருக்கும். துவைத்த துணியிலும் மெஷின்களின் வடிகால் வலையிலும் சிக்குகிற பொத்தான், ஊக்கு, மூக்குத்தித் திருகாணி, பொய்ப்பல் எல்லாம் அதில் கிடக்கும். அதை எடுத்து வந்து காகிதத்தில் கொட்டி, ஒரு சாமானை நகத்தால் ஒதுக்கினாள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தண்டு. தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. தலையில் இரண்டு பக்கமும் கை. வாலில் துண்டு நைலான் நூல்.

"அஞ்சு வாரம் முன்ன ரெண்டாம் நம்பர் மெஷின் வலையில கிடந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும் இது என்னன்னு, நானே ஒண்ணு வச்சு எடுத்தவதானே. எந்தப் பொம்பளையோடதோன்னு போட்டு வச்சேன். ஏன்டி நெட்டை, போன மாசம் உனக்கு அதிகமா போயி வேலைக் கோட்டெல்லாம் கறையாகி, கழட்டி வாரக் கடைசி மெஷின்ல போட்டியே?"

போட்டிருந்தாள். வாரத்தின் கடைசி நாள் கடைசிச் சுற்றில் வேலையாட்களின் கோட்டுகளையெல்லாம் ரெண்டாம் நம்பர் மெஷினில் போடுவது அங்கே வழக்கம். அன்றைக்கு வலியும் இருந்தது. கட்டியாகக்கூடப் போனது. எல்லாம் பொருந்தி வந்தது.

நெட்டை அந்தச் சாமானையே பார்த்தாள். இத்தனை சின்னதா தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது? ஐந்து வாரமாக அது இந்த டப்பாவில் கிடந்திருக்கிறது. ஐந்து வாரமாகத் தானும் புருஷனும் ஒரே பாயில்தான். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தடவை போதும்.

புருஷன் வெல்டர். சாயந்திரம் சட்டை முழுக்கப் பொத்தலோடு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சோப்புப் போட்ட கையோடு தண்ணீர்த் தொட்டியருகே நின்றான்.

"விழுந்துடுச்சா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப… இருக்குமா?"

"இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கையில் சோப்பு காய்ந்து வெள்ளையாகிற வரைக்கும் நின்றான். பிறகு, "நாளைக்கு நான் லீவு போடறேன், போலாம்" என்றான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரத்த வங்கிக்கு ஓடியவன் அவன்தான். அந்த ஓட்டத்தைப் பற்றி இன்றுவரை அவன் பேசியதில்லை.

சுகாதார நிலையத்தில் பெண்களுக்கான அறை பின்பக்கம். பச்சைத் திரை, ஒரு கட்டில், வளைகிற கழுத்துள்ள விளக்கு. புருஷனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். மேஜையில் புதிதாக வந்த சின்ன டாக்டர். பக்கத்தில் பெரிய சிஸ்டர். உருவத்திலும் பெரியவர், சர்வீஸிலும் பெரியவர்.

நெட்டை அந்தச் சாமானைப் போட்டுக் கொண்டுவந்த தீப்பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள். சலவை ஆலைக் கதையைச் சொன்னாள்.

"சரிம்மா, அப்ப தானா வெளிய வந்திருக்கு. சில பேருக்கு வரும்" என்றார் சின்ன டாக்டர். "முதல்ல யூரின் டெஸ்ட் பாப்போம். ஒண்ணும் இல்லேன்னா புதுசு போட்டுடலாம். சிஸ்டர், ஒரு செட் எடுத்து வைங்க."

பெரிய சிஸ்டர் செட்டை எடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெட்டையின் பழைய அட்டையை விரித்தார். பிறகு தீப்பெட்டியை விளக்கடியில் நகர்த்தி, அதற்குள் இருந்ததை இடுக்கியால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. இவங்களுக்கு வச்சது 380ஏ. அதுல கை ரெண்டும் நேரா இருக்கும், கையிலயும் செம்பு வளையம் இருக்கும். இதுல கை வளைஞ்சு தொங்குது, மீன் முள்ளு மாதிரி பல்லு இருக்கு. தண்டுல மட்டும்தான் செம்பு. இது 375. இவங்களோடது இல்ல."

சின்ன டாக்டர் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "ஆமா சிஸ்டர். இதை நம்பி புதுசு போட்டிருந்தா…"

"உள்ள ஒண்ணு இருக்க இன்னொண்ணு போட்டிருப்போம்."

நெட்டை தீப்பெட்டியைப் பார்த்தாள். நேற்று மத்தியானம் முதல் அது விழுந்துவிட்டது என்கிற சங்கதியோடு ஒரு மாதிரி குடித்தனம் நடத்தியாகிவிட்டது. இப்போது அது விழவில்லை என்றால் எங்கே இருக்கிறது? மறுபடி அந்த விளக்கில்லாத நடைக்குள் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

"அப்ப என்னோடது எங்க சிஸ்டர்?"

"அதைத்தான் பாக்கப் போறோம். இது ரெண்டாம் நம்பர் மெஷின்ல கிடைச்சதுன்னியே, உங்க கோட்டுக்கு முன்னாடி அதுல எந்த வார்டுத் துணி போட்டாங்க?"

யோசித்தாள். மூட்டைச் சீட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. "பிரசவ வார்டு. வாரக் கடைசியில அதுதான் வரும்."

பெரிய சிஸ்டர் போனை எடுத்தார். பிரசவ வார்டில் பேசுகிறவரைத் தெரிந்திருந்தது போல. "அஞ்சு வாரம் முன்ன, அந்த வாரக் கடைசி நாள், டெலிவரி ஆனதும் 375 வச்ச பேஷன்ட்டுங்க லிஸ்ட்டை எடு. ஆமா, ஒண்ணு வெளிய வந்திருக்கு. அந்தம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. எல்லாரையும் கூப்பிட்டுச் செக் பண்ணு. இன்னைக்கே." வைத்துவிட்டு நெட்டையைப் பார்த்தார். "பிள்ளை பெத்த உடனே வைக்கறது சில சமயம் நழுவிடும். ஒருத்தி அது உள்ள இருக்குன்னு நினைச்சுட்டு எங்கயோ நிம்மதியா இருக்கா. உங்க டப்பாவுல கிடந்ததுனால தெரிஞ்சுது."

யாரோ ஒரு பெண். முகம் தெரியாது. பச்சைக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். அவளை நினைத்தபோது நெட்டைக்குத் தன் பயம் ஒரு நிமிஷம் மறந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

சின்னக் குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தாள். பட்டையில் ஒரு சொட்டு விட்டார்கள். ஒரு கோடுதான் வந்தது. இரண்டாவது கோடு வருமா என்று மூன்று பேரும் ஐந்து நிமிஷம் அதையே பார்த்தார்கள். வரவில்லை.

"இல்லைன்னுதான் காட்டுது. பத்து நாள் தள்ளிப்போனதுக்கு இது நல்ல சேதிதான். ஆனா ஒரு வாரத்துல திரும்பவும் பாக்கணும்" என்றார் சின்ன டாக்டர். இப்போது அவர் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி உண்டா? இல்லை. மயக்கம், காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்? இல்லை. காப்பர் டி வெளியே வந்து பார்த்ததுண்டா? இல்லை. "எதுக்குக் கேக்கறேன்னா, இது உள்ள இருக்கும்போதே கர்ப்பமானா, கரு கருக்குழாயில தங்கியிருக்கான்னு முதல்ல பாக்கணும். அது ஆபத்து."

கட்டிலில் படுத்தாள். விளக்குக் கழுத்து வளைந்து வந்தது. கருவி சில்லென்று உள்ளே போய் விரிந்தது. கூரையில் ஒரு மின்விசிறி, மூன்று இறக்கை, ஒன்றில் மட்டும் ஒட்டடை. அந்த ஒட்டடை சுற்றிச் சுற்றி வருவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பை வாயில நூல் தெரியல" என்றார் பெரிய சிஸ்டர் அவள் கால்களுக்கு அப்பாலிருந்து. "பயப்படாத. பாதி நேரம் வாய்க்குள்ளயே சுருண்டு ஒளிஞ்சுகிட்டிருக்கும். ஒரு சின்ன பிரஷ் விட்டு லேசா சுத்தி இழுப்பேன். இருந்தா வெளிய வந்துடும்."

அடிவயிற்றில் சுண்டி இழுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. நெட்டை மூச்சைப் பிடித்தாள். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி.

"வரலை. போதும், குத்திக் குடையக் கூடாது. எழுந்திரு."

உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய சிஸ்டர் அட்டையில் எழுதப்போனவர் பழைய வரி ஒன்றைப் படித்து நிறுத்தினார்.

"ரெண்டு வருஷம் முன்ன வந்து நூலை வெட்டிக்கிட்டியா?"

மறந்தே போயிருந்தாள். புருஷன்தான் சொன்னான், முள் மாதிரி குத்துகிறது என்று. ஒரு மாதம் பொறுத்தாள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்ததைப் பார்த்துவிட்டு இங்கே வந்தாள். அன்றைக்கு இருந்தது வேறொரு நர்ஸ். ஒட்ட வெட்டிவிட்டார்.

"குத்துதுன்னாரு" என்றாள் தரையைப் பார்த்து.

"குத்துதுன்னு குட்டையா வெட்டுனா இன்னும்தான் குத்தும். நீளமா விட்டா நாளாக ஆக மிருதுவாகி, ஓரமா சுருண்டுக்கும். குட்டை நூல் சுலபமா உள்ள ஏறிடும். என் அனுபவத்துல சொல்றேன், உன்னோடது அப்படித்தான் இருக்கும். ஆனா அனுபவத்தை நம்பி அனுப்ப மாட்டேன். ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள தெரிஞ்சா சரி. தெரியலேன்னா, விழுந்துடுச்சுன்னும் சொல்ல மாட்டோம். வயிறு முழுக்க ஒரு எக்ஸ்ரே எடுப்போம். செம்பு இருக்கறதால எங்க இருந்தாலும் அதுல தெரியும். கர்ப்பப்பைச் சுவரைத் துளைச்சு வயித்துக்குள்ள போறது உண்டு. ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ. எக்ஸ்ரேலயும் இல்லேன்னாதான் வெளிய விழுந்துடுச்சுன்னு அர்த்தம்."

"நெஞ்சுக்கு ஏறுமாமே சிஸ்டர்?"

"யாரு சொன்னது?"

"கூட வேலை பாக்கறவங்க."

"அவங்களை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா. எனக்கும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு." ஒரு பாக்கெட் ஆணுறையை எடுத்து அவள் கையில் திணித்தார். "என்னன்னு தெரியற வரைக்கும் இது இல்லாம பக்கத்துல விடாத. போ, போய் நாலு டம்ளர் தண்ணி குடி. மூத்திரப் பை ரொம்பினாத்தான் படம் நல்லா தெரியும். முட்டினாலும் அடக்கிக்கோ."

நாலு டம்ளர் குடித்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் நடைபாதை ஓடுகளில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. எங்கோ ஒரு குழந்தை ஒரே சுரத்தில் அழுதுகொண்டிருந்தது. கண் செருகியது.

நடைபாதை முழுக்க வெள்ளை விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, அலுங்காமல். அதன் ஓரத்திலிருந்து ஒரு நைலான் இழை பிரிந்து வந்தது. இழுத்தாள். வெண்கலம் வந்து இழுத்தாள், ரொட்டி மென்றவள் வந்து இழுத்தாள். பச்சைக் குழந்தையோடு முகமில்லாத ஒரு பெண் வந்து, குழந்தையைத் தரையில் வைத்துவிட்டு இழுத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு இழுத்தார்கள். இழை வந்துகொண்டே இருந்தது, முடிவே இல்லை. விரிப்பு மட்டும் குறையவே இல்லை. வயிறு கனத்தது. இத்தனை கனம் எதனால் என்று கனவுக்குள்ளேயே பயந்து விழித்தாள்.

தண்ணீரால்தான். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிச்ச" என்றான் வெல்டர்.

"நான் எங்க சிரிச்சேன்?"

"தூக்கத்துல."

ஸ்கேன் அறையில் இருட்டு. வயிற்றில் பிசுபிசுப்பாக எதையோ தடவினார் ஸ்கேன் டாக்டர். வயதானவர், தன்பாட்டுக்கு முணுமுணுக்கிறவர். கருவியை அழுத்தியபோது நெட்டை பல்லைக் கடித்தாள். அடக்கியதெல்லாம் அங்கேயே போய்விடுமோ என்று இருந்தது. திரையில் சாம்பல் நிற மழை பெய்தது. நடுவே கறுப்பாக ஒரு குளம்.

"இது உன் மூத்திரப் பை. நல்லா ரொப்பியிருக்க, சபாஷ். இதுக்குப் பின்னாடி பேரிக்கா மாதிரி தெரியுதே, அது கர்ப்பப்பை."

அவளுக்குப் பேரிக்காயும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. சாம்பலுக்குள் சாம்பல் நகர்ந்தது. அவர் கருவியைத் திருப்பினார். நிறுத்தினார். மறுபடி திருப்பினார். முணுமுணுப்பு நின்றது. இதுவரைக்கும் தன் வாழ்நாளில் இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. ஆலையில் இல்லை, வீட்டில் இல்லை, ரத்தம் போன அன்றைக்குக்கூட இல்லை. அந்த அமைதிக்குள் அவள் தன் இரண்டு பெண்களையும் பார்த்தாள். பெரியவள் சின்னவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் தான் இல்லை. சீப்பு மட்டும் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

"இதோ."

திரையில் ஒரு கோடு. ஆவிக்குள் டியூப் லைட் எரிகிற மாதிரி, பளிச்சென்று. அதன் பின்னால் நீளமாக ஒரு நிழல்.

"தண்டு. செம்பு இருக்கறதால இப்படி மின்னும், பின்னாடி நிழல் விழும். இப்படித் திருப்பினா, பாரு, கை ரெண்டும் விரிஞ்சிருக்கு. உச்சியில ஒட்டி நிக்குது. இறங்கல, சாயல, சுவத்துல குத்தல. இருக்க வேண்டிய இடத்துல இருக்கு." கருவியை இன்னும் இரண்டு பக்கமும் ஓட்டினார். "கர்ப்பம் எதுவும் தெரியல. உள்ளயும் இல்ல, பக்கத்துலயும் இல்ல. போ, ஓடு, பாத்ரூமுக்கு."

ஓடினாள். கதவைத் தாழ் போட்டு உட்கார்ந்தபோது அழுகையும் மூத்திரமும் ஒரே சமயத்தில் வந்தது. எது அதிகம் என்று சொல்ல முடியாது.

திரும்பிப் போனதும் சின்ன டாக்டர் ஸ்கேன் தாளைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதினார். "நூல்தான் உள்ள ஏறியிருக்கு. காப்பர் டி தன் வேலையைப் பண்ணிட்டுத்தான் இருக்கு. இதுக்குப் பத்து வருஷம் கணக்கு, இன்னும் ஆறு வருஷம் இருக்கு. ரெண்டு வழி சொல்றேன். அப்படியே விடலாம். ஆனா இனிமே நீங்க தொட்டுப் பாக்க முடியாது. வலி, அதிகப் போக்கு, நாள் தள்ளறது எதுவானாலும் உடனே வரணும். எடுக்கற காலத்துல நூல் கிடைக்கலேன்னா, மெல்லிய கருவி விட்டு எடுப்போம். இல்லேன்னா இப்பவே அப்படி எடுத்துட்டு நூலோட புதுசு போடலாம்."

"குத்தாதபடி வெட்டித் தருவீங்களா?"

"நீங்க எந்த வழின்னு சொல்லுங்க."

நெட்டை பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். இதில் தான் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது போல.

"இருக்கட்டும்" என்றாள் நெட்டை. "அது பாட்டுக்கு இருக்கு. அதைப் போயி எதுக்குக் கிளறணும்?"

"ஏழு நாள்ல வந்து டெஸ்ட் பண்ணிக்கணும். அதுக்குள்ள தீட்டு வந்துட்டா, வந்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

வெளியே வந்தாள். வெல்டர் எழுந்தான். எழுந்தவன் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்குள் விட்டு, எடுத்து, மறுபடி விட்டான்.

"உள்ளதான் இருக்கு. விழல."

"அப்ப நூலு?"

"நீங்க குத்துது குத்துதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களே, அதான் கோவிச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு."

அவன் நடந்தான். பத்தடி போய் நின்றான். நெருப்புப் பொறியிலேயே நாள் முழுக்க நிற்கிறவன், ஒரு நைலான் நூல் குத்தியதற்கு முறையிட்டிருக்கிறான். அது அவனுக்கே இப்போது உறைத்திருக்க வேண்டும். காது சிவந்திருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல, வெட்டினா உள்ள போயிடும்னு."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"சரி, விடு." கொஞ்ச தூரம் போய், "ரொம்ப பயந்துட்டேன்டி" என்றான், எதிரே வந்த சைக்கிளைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

அவள் கையிலிருந்த பாக்கெட்டை அவன் சட்டைப் பையில் போட்டாள். "ஸ்கேன்ல இருக்குன்னு தெரிஞ்சாச்சு, இனி இது வேண்டியதில்ல. ஆனாலும் தீட்டு வர்ற வரைக்கும் எனக்கு மனசு கேக்காது. நீங்களே வச்சிருங்க."

ஆலையில் வெண்கலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். 375, 380 என்று நெட்டை சொன்னதைக் கேட்டுவிட்டு, "பஸ் நம்பர் மாதிரி சொல்றியேடி" என்றாள். பிரசவ வார்டிலிருந்து செய்தி வந்தது மூன்றாம் நாள். லிஸ்டில் ஆறு பேர். நாலாவதாக வந்தவளுக்கு உள்ளே இல்லை. ஸ்கேனிலும் இல்லை, எக்ஸ்ரேயிலும் இல்லை. பெரிய சிஸ்டர் போனில் இதை மட்டும் சொன்னார், பேர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், புதிது வைத்துக்கொண்டு போனாளாம்.

ஆனால் நெட்டைக்குத் தீட்டு இன்னும் வரவில்லை.

தள்ளிப் போய்ப் பதிமூன்றாம் நாள், பதினாலாம் நாள். படத்தில் பார்த்ததை மனசு நம்புகிறது, உடம்பு நம்ப வேண்டுமே. சாப்பாடு இறங்கினால் குமட்டுகிறதா என்று கவனித்தாள். மார்பு கனக்கிறதா என்று கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க எல்லாம் இருக்கிற மாதிரியே இருந்தது. இரவும் பகலும் ஒரே ஆவிக்குள் நடக்கிற மாதிரி போனது. எதிரில் பேசுகிறவர்களின் வாய் முதலில் அசையும், சத்தம் பிறகுதான் வந்து சேரும்.

பதினைந்தாம் நாள் காலை பத்தரை மணி. உருளையிலிருந்து நீளமான அறுவைச் சிகிச்சை விரிப்பு வந்துகொண்டிருந்தது. முனையைப் பிடித்தாள், முன்னே நடந்தாள், சேர்த்தாள். பின்னே வரும்போது இடுப்புக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. தெரிந்த வலி. மாதாமாதம் திட்டித் தீர்க்கிற அதே சனியன் வலி. அசையாமல் நின்றாள். தொடையில் வெதுவெதுப்பாக இறங்கியது.

"பிடிச்சுக்கோ" என்றாள்.

"என்னடி?"

"பிடிச்சுக்கோன்றேன்ல."

விரிப்பை வெண்கலத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் நடந்தாள். நடந்தாள் என்பது பொய். அந்த நீளக் காலுக்கு நாலே எட்டு. கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியாத குரல்: "ஏய், யார்கிட்டயாவது துணி இருக்கா?"

ஆஸ்பத்திரி முழுக்கப் போர்த்துகிற அளவுக்குத் துணி அடுக்கியிருந்த அந்தக் கூடத்தில் வெண்கலம் தன் தொண்டையைத் திறந்து எல்லாருக்கும் சொன்னாள்:

"நெட்டைக்கு வந்துடுச்சு!"

வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தான்.